சமவாய்ப்பு மாதிரி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் ஊரில் 347 வீடுகள். எல்லாவற்றுக்கும் 1 முதல் 347 வரை வரிசை எண் போட்டாயிற்று. இவற்றில் 25 வீடுகளைச் சமவாய்ப்பில் எடுக்க வேண்டும். ஒருமுறை வந்த வீடு மறுபடி வரக்கூடாது. வந்த எண் நமக்கு ஒத்துவராதபோது என்ன செய்கிறோம் என்ற இடத்தில்தான் பெரும்பாலும் தவறு நுழைகிறது.

சமவாய்ப்பு எண் அட்டவணையைப் பயன்படுத்தினால், எங்கே தொடங்குவது, எந்தத் திசையில் படிப்பது, ஒவ்வொரு தொகுதியிலும் எந்த மூன்று இலக்கங்களை எடுப்பது என்பதையெல்லாம் எண்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஆய்வுக்கும் முதல் பக்கத்தின் மேல் மூலையிலிருந்தே தொடங்கினால், எல்லா ஊரிலும் ஒரே வரிசை எண்கள்தான் வரும். தொடங்கிய பிறகு வரிசை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
20417  63852  11890  34829  90716  11844
```

முதல் மூன்று இலக்கங்களை எடுத்தால் 204, 638, 118, 348, 907, 118. இதில் 204, 118 இரண்டும் தேறும். 638, 348, 907 மூன்றும் பட்டியலிலேயே இல்லை, விட்டுவிட வேண்டும். 348 ஒன்றே ஒன்றுதான் கூடுதல் என்று 347ஐ எடுத்துக்கொள்வதும், இரண்டாவது முறை வந்த 118க்குப் பதிலாகப் பக்கத்து 119ஐ எடுப்பதும் சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் அப்படிச் செய்த கணமே அந்த வீடுகளுக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் வாய்ப்பு கிடைத்துவிடுகிறது. ஒத்துவராத எண்ணுக்கு ஒரே வழி, அதை விட்டு அட்டவணையில் அடுத்த எண்ணுக்குப் போவது.

மூன்றில் இரண்டு பங்கு எண்கள் வீணாகின்றனவே என்று 347ஆல் வகுத்து மீதியை எடுப்பவர்கள் உண்டு. முறை சரிதான், ஆனால் 694க்கு மேல் வந்தால் விலக்க வேண்டும். 000 வந்தாலும் அப்படியே. மீதி பூஜ்யம் என்றால் 347ஆம் வீடு. இந்த வரம்பை மறந்து 999 வரை எல்லாவற்றையும் வகுத்தால், 1 முதல் 305 வரையுள்ள வீடுகளுக்கு மூன்று எண்கள் கிடைக்கும், 306 முதல் 347 வரையுள்ளவற்றுக்கு இரண்டுதான். பட்டியலின் கடைசியில் ஊரின் ஒரு தெரு முழுவதும் இருந்தால், அந்தத் தெரு மாதிரியில் குறைந்துபோகும். மீதி முறையில், 465 வந்தாலும் அது 118ஆம் வீடுதான் என்பதையும் கவனியுங்கள். திரும்ப வந்ததா என்று வீட்டு எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும், அட்டவணை எண்ணை வைத்து அல்ல.

எக்செல்லில் பலர் முதலில் எழுதுவது இதுதான்:

```
=RANDBETWEEN(1,347)
```

இதை 25 செல்களில் இழுத்தால், எங்காவது ஓர் எண் திரும்ப வர நூற்றுக்கு ஏறத்தாழ 59 வாய்ப்பு. திரும்ப வந்ததை மட்டும் மாற்றலாம் என்று ஒரு செல்லைத் தொட்டால், மற்ற எல்லாமும் மாறிவிடும். பட்டியலையே கலைத்துப் போடுவது நல்லது. ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே `=RAND()` போட்டு, அந்த நெடுவரிசையைக் காப்பி செய்து அதே இடத்தில் Paste Special வழியாக Values ஆக ஒட்டி, அதை வைத்து வரிசைப்படுத்தி, முதல் 25ஐ எடுங்கள். ஒட்டாமல் வரிசைப்படுத்தினால், அந்தக் கணமே எண்கள் புதிதாகி, வரிசையே ஆகாததுபோலத் தெரியும். நாளைக்கு ஃபைலைத் திறக்கும்போது எந்த எண்களை வைத்து எடுத்தோம் என்று காட்டவும் முடியாது.

வரிசைப்படுத்தும்போது RAND நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து Sort கொடுத்தால் எக்செல் ஒரு கேள்வி கேட்கும். அதில் Expand the selection என்பதை விட்டு, Continue with the current selection என்று கொடுத்தால், எண்கள் மட்டும் நகரும். வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே உள்ள 25 வீடுகளின் வரிசை எண் 1, 2, 3 என்றே இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. பட்டியலின் நடுவே முழுக்கக் காலியான ஒரு வரி இருந்து, ஒரு செல்லில் மட்டும் நின்று Sort கொடுத்தால், அதற்குக் கீழே உள்ள வீடுகள் குலுக்கலிலேயே சேராது. காலி வரிக்குக் கீழே வரிசை எண்கள் கலையாமல் ஒழுங்காக இருப்பதே அடையாளம். ஆகவே RAND போடுவதற்கு முன்பு காலி வரிகளை நீக்கி, கடைசி வரிசை எண்ணும் மொத்த வரிகளும் ஒன்றா என்று பாருங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, 211ம் 212ம் பக்கத்துப் பக்கத்தில் வந்திருக்கின்றனவே என்று மறுபடி குலுக்குபவர்கள் இருக்கிறார்கள். 347இல் 25 எடுத்தால், நூற்றுக்கு 84 தடவை அளவில் அடுத்தடுத்த எண்கள் ஒரு ஜோடியாவது வரத்தான் செய்யும். அதைத் தள்ளிவிட்டுப் பரவலாகத் தெரியும் மாதிரிக்காகக் காத்திருந்தால், அது சமவாய்ப்பு மாதிரியே இல்லை. எல்லாத் தெருவும் வர வேண்டும் என்பது ஆய்வின் தேவையானால், குலுக்கலுக்கு முன்பே பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று முடிவு செய்து தனித்தனியே எடுங்கள்.