50 நிமிடப் பாடத்தை 2 நிமிட வீடியோவாக எழுதுவது எப்படி?

பாளையங்கோட்டையில் புவியியல் எடுக்கும் என் மதினி, தாமிரபரணியைப் பற்றி நடத்திய 50 நிமிட வகுப்பின் பதிவைக் கொடுத்து, சின்ன வீடியோவாக மாற்றித் தரச் சொன்னார்கள். அதை வைத்தே வழியைச் சொல்கிறேன்.

முதலில் பதிவைக் கேட்டு, பேச்சு எங்கெங்கே வேறு பொருளுக்குத் திரும்புகிறதோ அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வகுப்பில் ஆற்றின் பிறப்பிடம், அணைக்கட்டுகள், பருவமழை, புன்னைக்காயலில் கடலில் கலப்பது என்று பல இருந்தன. எல்லாவற்றையும் சுருக்கினால் பெயர்ப்பட்டியல்தான் மிஞ்சும். அதனால் ஒரே கேள்வியை எடுத்தேன்: ஊரில் மழையில்லாத ஜூனிலும் ஆற்றில் தண்ணீர் வருவது எப்படி? இதற்குப் பதில் சொல்லாத வரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளியே போகட்டும். மதினிக்குப் பிடித்த ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக் கதையையும் நீக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் குரலையும் திரையெழுத்தையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்.

குரல்: ஜூன் மாதம். டவுனில் வெயில் கொளுத்துகிறது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. எங்கிருந்து?
திரை: ஜூன்: ஊரில் வெயில், ஆற்றில் தண்ணீர்

குரல்: தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வந்து, மலையில் மோதி மேலே ஏறுகிறது. குளிர்ந்து மழையாகிறது. ஆறு பிறக்கும் பொதிகை நனைகிறது, மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது.
திரை ('மோதி' என்னும்போது): ஜூன்–செப்டம்பர்: மலையில் மழை

குரல்: அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. அது மலையிலும் பெய்கிறது, ஊரிலும் பெய்கிறது.
திரை: அக்டோபர்–டிசம்பர்: இரண்டு இடத்திலும்

குரலில் சொல்வதை முழுசாகத் திரையில் போடாதீர்கள். பார்ப்பவர் வாசிப்பதா கேட்பதா என்று திணறி இரண்டையும் விட்டுவிடுவார். நான்கைந்து சொல் போதும். எந்தச் சொல்லைச் சொல்லும்போது எழுத்து வர வேண்டும் என்பதையும் மேலே மாதிரி குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் எடிட் செய்பவர் தன் இஷ்டத்துக்கு வைப்பார். நிதானமாக இரண்டு முறை வாசிக்கும் நேரம் அது திரையில் நிற்கட்டும். சப்டைட்டில் போடுவதாக இருந்தால் அடிப்பகுதியைக் காலியாக விடுங்கள்.

வகுப்பில் சொன்ன "போன வாரம் பார்த்தோமே", "இந்தப் படத்தைப் பாருங்கள்" போன்றவை ஸ்கிரிப்டில் ஒட்டிக்கொண்டே வரும். வீடியோ பார்ப்பவருக்குப் போன வாரமும் இல்லை, அந்தப் படமும் இல்லை. தேடி எடுத்துவிடுங்கள்.

நீளத்தைச் சொல் எண்ணிப் பார்ப்பதைவிட, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து வாய்விட்டு வாசிப்பது நல்லது. தமிழில் ஒரே சொல் நீளமாக வரும், எண்ணிக்கை ஏமாற்றும். மூச்சு முட்டுகிற வாக்கியத்தை அங்கேயே இரண்டாக உடைத்துவிடலாம்.

கடைசியாக, பாடம் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, ஆரம்பக் கேள்வியையே திருப்பிக் கேளுங்கள். மதினி மகள் சரியாகச் சொல்லிவிட்டு, "அப்ப ஏப்ரல்ல தண்ணி எங்கேருந்து வருது சித்தப்பா?" என்றாள். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தேக்கிய தண்ணீர். அதை இதில் சேர்க்கவில்லை, அடுத்த வீடியோவின் முதல் வரியாக எழுதி வைத்தேன்.