தராசுக்கு ஏற்ற எடைக்கல்: 200 கிராமில் நேரும் தவறுகள்

ஓர் ஆய்வகத்தில் 220 கிராம் வரை நிறுக்கும் பகுப்பாய்வுத் தராசு ஒன்றைச் சோதிக்கச் சென்றிருந்தேன். கடைசி இலக்கம் 0.1 மில்லிகிராம். அங்கிருந்த இளைஞர் தங்களுடைய 200 கிராம் எடைக்கல்லை வைத்தார், 200.0007 என்று காட்டியது. "ஏழு இலக்கம் தள்ளி நிற்கிறது" என்று சொல்லிக்கொண்டே சரிசெய்யும் பொத்தானை அழுத்தி, அந்தக் கல்லைக் கொண்டே 200.0000 ஆக்கிவிட்டார். நன்றாக இருந்த தராசு அந்த நொடியில்தான் கெட்டது.

கல்லின் சான்றிதழை எடுத்துப் பார்த்தோம். எஃப்1 வகுப்பு, மரபு நிறை 200.00062 கிராம், நிச்சயமின்மை 0.3 மில்லிகிராம். அப்படியானால் தராசு காட்ட வேண்டியது 200.0006; காட்டியது 200.0007. வேறுபாடு ஒரே இலக்கம். கல்லில் இருந்த 0.62 மில்லிகிராமைத் தராசின் பிழை என்று எண்ணியதுதான் தவறு. பொத்தானை அழுத்திய பிறகு அந்தத் தராசு 200 கிராமில் 0.62, 100 கிராமில் 0.31, 50 கிராமில் ஏறத்தாழ 0.15 மில்லிகிராம் குறைவாகக் காட்டத் தொடங்கிவிட்டது. என் பெட்டியிலிருந்த இ2 வகுப்புக் கல்லை வைத்துப் பார்த்தோம். அதன் சான்றிதழ் மதிப்பு 200.00005 கிராம். தராசு 199.9994 என்றது.

கல்லின் மேல் பொறித்திருக்கும் எண் அதன் பெயர் மட்டுமே. அந்தப் பெயரிலிருந்து கல் எவ்வளவு விலகலாம் என்பதை வகுப்பு சொல்கிறது. உண்மையில் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைச் சான்றிதழ் சொல்கிறது. சர்வதேச சட்டமுறை அளவியல் அமைப்பின் ஆர் 111 பரிந்துரைப்படி, 200 கிராம் கல்லுக்கு இ2 வகுப்பில் 0.3, எஃப்1 வகுப்பில் 1, எஃப்2 வகுப்பில் 3, எம்1 வகுப்பில் 10 மில்லிகிராம் வரை விலகல் ஏற்கப்படும். 0.62 விலகிய அந்தக் கல் எஃப்1 வகுப்பில் குறையற்ற கல்தான். கல்லின் மேல் குற்றமில்லை. அதைப் பெயரளவு மதிப்பில் பயன்படுத்தியதுதான் குற்றம்.

அடுத்த கேள்வி, இந்தத் தராசுக்கு எஃப்1 போதுமா என்பது. இதற்கு அதே அமைப்பின் ஆர் 76 பரிந்துரையில் தெளிவான வழி இருக்கிறது: சோதனைக் கல்லின் பிழை, அந்தச் சுமையில் தராசுக்கு அனுமதிக்கப்பட்ட பிழையின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தராசின் பெயர்த்தகட்டில் d = 0.1 mg, e = 1 mg என்று இருந்தது. முன்னது திரையில் தெரியும் கடைசி இலக்கம். பின்னது சட்டமுறைச் சரிபார்ப்புக்கான பிரிவளவு. 200 கிராம் என்பது 200,000 e. முதல் வகுப்புத் தராசுக்கு அந்த அளவில், முதல் சரிபார்ப்பின்போது, அனுமதிக்கப்பட்ட பிழை 1 e, அதாவது 1 மில்லிகிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு 0.33. இ2 கல்லின் 0.3 அதற்குள் அடங்குகிறது. எஃப்1 கல்லோ தனியாகவே 1 மில்லிகிராமை, தராசுக்கென்று வைத்த இடம் முழுவதையும், விழுங்கிவிடும்.

சான்றிதழ் மதிப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் எஃப்1 கல்லைப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். அப்போது கணக்கில் வருவது நிச்சயமின்மை மட்டுமே. வகுப்புக் கல்லின் நிச்சயமின்மை, அனுமதிக்கப்பட்ட விலகலில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எஃப்1 கல்லுக்கு அது 0.33. ஆக, சட்டமுறைச் சரிபார்ப்பை விளிம்பில் நின்று தாண்டிவிடும். ஆனால் திரையின் கடைசி இலக்கம் 0.1 மில்லிகிராமாக இருக்கையில், தன்னைப் பற்றியே மூன்று இலக்கம் ஐயமுள்ள கல்லால் ஓர் இலக்கப் பிழையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. சரிசெய்யும் வேலைக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

200 கிராம் இ2 கல் இல்லையென்று சிறிய கற்களை அடுக்குவதும் அடிக்கடி நடக்கிறது. 100 கிராம் இ2 கல்லுக்கு 0.16 மில்லிகிராம் அனுமதி. இரண்டு வைத்தால் 0.32. இதுவாவது பரவாயில்லை. 20 கிராம் கல்லுக்கு 0.08, பத்துக் கற்களுக்கு 0.8. ஒரே இடத்தில் ஒரே நியமத்தோடு ஒப்பிடப்பட்ட கற்களின் பிழைகள் ஒரே பக்கம் சாயக்கூடும் என்பதால் அவற்றை நேராகவே கூட்ட வேண்டும். ஒற்றைக் கல்தான் நல்லது.

எதிர்த்திசையிலும் தவறு உண்டு: எல்லாவற்றுக்கும் இ2-ஐவிடக் கடுமையான இ1 வகுப்பை வாங்கிவிடுவது. இ1 கற்கள் இ2 கற்களை ஒப்பிடுவதற்கானவை. அன்றாடம் எடுத்து வைத்தால் ஒரு கீறலோ விரல் பட்ட எண்ணெயோ அந்த வகுப்பை அழித்துவிடும்.

இனி, சான்றிதழில் இருக்கும் 'மரபு நிறை' என்ற சொல். இதைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். காற்றில் நிற்கும் எந்தப் பொருளையும் காற்று சிறிது மேலே தாங்குகிறது; பருமன் கூடினால் தாங்குவதும் கூடும். 20 டிகிரி செல்சியஸில், கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் அடர்த்தியுள்ள காற்றில், 8000 அடர்த்தியுள்ள ஒரு கற்பனைக் கல் நம் கல்லைச் சமன்செய்தால், அந்தக் கற்பனைக் கல்லின் நிறைதான் நம் கல்லின் மரபு நிறை. தராசுகள் இந்த அளவுக்கே சரிசெய்யப்படுகின்றன. ஆகவே சான்றிதழின் மரபு நிறையைத் திரையோடு நேரடியாக ஒப்பிட வேண்டும். அதன் மேல் மீண்டும் மிதப்புத் திருத்தம் போடக்கூடாது.

போட்டால் என்ன ஆகும்? மேலே சொன்ன எஃப்1 கல் எஃகால் ஆனது, அதன் அடர்த்தி 7950 என்று கொள்வோம். அதன் உண்மை நிறை மரபு நிறையைவிட 0.19 மில்லிகிராம் அதிகம். இரண்டு இலக்கம் வீணாகப் பிழையாகும். 8400 அடர்த்தியுள்ள பித்தளைக் கல்லானால் உண்மை நிறை 1.4 மில்லிகிராம் குறைவு. எஃப்1 வகுப்பின் முழு அனுமதியையும் தாண்டிய எண் அது. மரபு நிறை 200 கிராமாக இருக்கும் பித்தளைக் கல்லுக்கு 199.9986 என்று எழுதி வைத்து, தராசு கூடக் காட்டுகிறது என்று முடிவு செய்வார்கள்.

காற்றின் அடர்த்தி 1.2-இலிருந்து வெகுதூரம் விலகும் உயரமான இடங்களில் மட்டும் கல்லின் உலோகத்தைக் கவனிக்க வேண்டும். காற்று 0.95 ஆகக் குறைந்தால், அந்த எஃகுக் கல்லில் மாற்றம் 0.04 மில்லிகிராம், திரையில் தெரியாது. பித்தளையில் ஏறத்தாழ 0.3. இ2 வகுப்பின் பெரிய கற்களுக்கு 7810 முதல் 8210 வரைதான் அடர்த்தி இருக்கலாம் என்ற வரம்பு இதற்காகத்தான். பித்தளை அதற்குள் வராது.

நிறுக்கும் பொருளுக்கு இந்தச் சலுகை கிடையாது. திரையில் 100 கிராம் காட்டும் தண்ணீரின் உண்மை நிறை ஏறத்தாழ 100.105 கிராம். பிப்பெட்டின் கொள்ளளவைத் தண்ணீர் நிறுத்துக் கணக்கிடுபவர்கள் மிதப்புத் திருத்தம் போட்டே ஆக வேண்டும். கல்லுக்கு வேண்டாத திருத்தம் இங்கே வேண்டும்.

அந்த ஆய்வகத்தின் தராசை, அதில் கல்லின் சான்றிதழ் மதிப்பை உள்ளிடும் வசதி இருந்ததால், 200.00005 என்று கொடுத்து இ2 கல்லால் மறுபடி சரிசெய்தோம். எஃப்1 கல்லை வைத்தபோது 200.0006 வந்தது. கல்லை அவர்கள் தூக்கி எறியவில்லை. பக்கத்து அறையில் 2 கிலோ வரை நிறுக்கும், 0.01 கிராம் கடைசி இலக்கமுள்ள தராசு ஒன்று இருந்தது. அந்த இலக்கத்தின் அருகில் 0.62 மில்லிகிராம் ஒன்றுமே இல்லை. கல் இப்போது அந்தத் தராசின் தினசரிச் சோதனைக்குப் போயிருக்கிறது. முழுச் சுமையில் சோதிக்க 2 கிலோ எஃப்1 கல் ஒன்றைத் தனியாக வாங்கச் சொன்னேன்.