ஓட்டுப் போடச் சொல்லி நண்பரிடமிருந்து வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தால் என்ன செய்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் என் கூட்டாளியின் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "வணக்கம். என் அக்கா மகள் நடனப் போட்டியில் கலந்துகொண்டுள்ளாள். தயவுசெய்து வாக்களியுங்கள், இலவசம்தான்." கீழே ஒரு லிங்க்.

இருபது வருடப் பழக்கத்தில் அவன் எனக்கு ஒரு தடவைகூட வணக்கம் சொன்னதில்லை. "டேய் மாப்ள" என்றுதான் ஆரம்பிப்பான். அதைவிட, அவனுக்கு அக்காவே கிடையாது.

இந்த மாதிரிச் செய்தி வந்தால் என்ன செய்வது, ஏற்கெனவே லிங்க்குக்குள் போய்விட்டிருந்தால் என்ன செய்வது என்று அன்று நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். வாட்ஸ்அப் மட்டும்தான் இங்கே.

படி 1: சாதாரண போனில் கூப்பிடுங்கள்

வாட்ஸ்அப்பிலேயே "நீதானா?" என்று கேட்காதீர்கள். பதில் போடப்போவது நண்பரின் வாட்ஸ்அப்புக்குள் நுழைந்த திருடன்தான். வாட்ஸ்அப் காலும் வேண்டாம், கணினியில் இணைத்த வாட்ஸ்அப்பிலும் அவன் அழைப்பை எடுக்கலாம். நேராக சிம் நம்பருக்கு அடியுங்கள்.

நான் அடித்தேன். "ஓட்டா? நான் காட்டுல தண்ணி கட்டிக்கிட்டு இருக்கறன்டா" என்றான். அவனுடைய போன் அவன் கையில்தான் இருந்தது, வாட்ஸ்அப்பும் எப்போதும்போல வேலை செய்துகொண்டிருந்தது. எனக்கு அனுப்பிய செய்தி மட்டும் அவன் திரையில் இல்லை.

எழுத்து நடையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே நுழைந்தவருக்குப் பழைய அரட்டைகளும் தெரியும், "டேய் மாப்ள" என்று எழுத அவருக்கு அதிக நேரம் ஆகாது.

படி 2: எப்படி உள்ளே வந்தார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது என்று பேங்க்காரர்கள் சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. இந்தத் திருட்டில் யாரும் உங்களிடம் ஓடிபி கேட்பதே இல்லை. குறியீட்டை அவர்கள்தான் உங்களுக்குத் தருகிறார்கள்.

கூட்டாளிக்கு முந்தின நாள் சாயங்காலம் சொந்தக்கார அக்கா ஒருவரிடமிருந்து இதே மாதிரி லிங்க் வந்திருக்கிறது. திறந்தால் சின்னப் பிள்ளைகளின் படங்கள், பக்கத்தில் ஓட்டு எண்ணிக்கை. ஒரு படத்தை அழுத்தியதும், "ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான், வாட்ஸ்அப் மூலம் உறுதி செய்யுங்கள்" என்று போன் நம்பரைக் கேட்டது. இவனும் போட்டான்.

அந்த நொடியில் மறுமுனையில் நடப்பது இதுதான். திருடன் தன் கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்வதற்குப் பதிலாகப் போன் நம்பரைக் கொடுத்து இணைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, இவனுடைய நம்பரைத் தட்டுகிறான். வாட்ஸ்அப் அவனுக்கு எட்டு எழுத்துள்ள ஒரு குறியீட்டைக் காட்டுகிறது, எழுத்தும் எண்ணும் கலந்து நாலு நாலாக இருக்கும். அதை அப்படியே அந்தப் போட்டிப் பக்கத்தில் "உங்கள் ஓட்டுக் குறியீடு" என்று காட்டிவிடுகிறான். அதே நேரத்தில் இவன் போனில், புதிய கருவியை இணைக்கக் குறியீட்டைப் போடச் சொல்லி வாட்ஸ்அப்பே ஓர் அறிவிப்பு காட்டுகிறது. அது நிஜமான அறிவிப்பு என்பதால் சந்தேகம் வருவதில்லை. இவன் எட்டு எழுத்தையும் தட்டினான். ஓட்டு விழவில்லை, திருடனின் கணினிதான் இவன் வாட்ஸ்அப்போடு இணைந்தது.

வீட்டுச் சாவியை யாரும் பிடுங்கவில்லை, நாமே உள்ளிருந்து தாழ்ப்பாளை எடுத்துவிட்ட கதை. போன் நம் கையிலேயே இருப்பதால் ஒரு மாற்றமும் தெரியாது. அவர்கள் அனுப்பியதைக் கணினியிலிருந்தே நமக்குத் தெரியாமல் அழிக்கலாம், இல்லை அரட்டையை Archived-க்குள் தள்ளிவிடலாம்.

ஆக, லிங்க்கைத் திறந்ததோடு நின்றிருந்தால் இந்த வழியில் கணக்கு போகாது. எட்டு எழுத்துக் குறியீட்டை உங்கள் வாட்ஸ்அப்புக்குள் தட்டும்போதுதான் போகிறது.

படி 3: இணைந்த கருவியை வெளியேற்றுங்கள்

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பைத் திறந்து மேலே மூன்று புள்ளி, அதில் Linked devices. ஐபோனில் Settings போய் Linked devices. போனைத் தவிர நாலு கருவிகள் வரை இணைக்கலாம் என்பதால் பட்டியல் நீளமாக இருக்காது.

அவன் போனில் இரண்டு இருந்தன, இரண்டும் விண்டோஸ் கணினி. அவனுக்கு ஒரே குழப்பம், ஏனென்றால் மண்டியில் தினமும் மஞ்சள் விலை அனுப்ப ஆபீஸ் கணினியிலும் வாட்ஸ்அப் வைத்திருக்கிறான். கடைசியாக எப்போது இயங்கியது என்று ஒவ்வொன்றின் கீழும் நேரம் இருக்கும். மண்டி ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்க, ஒன்றில் மட்டும் அன்றைய மத்தியான நேரம் காட்டியது. அதை அழுத்தி Log out.

இப்படி ஆராய்ச்சி செய்யத் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் வெளியேற்றிவிடுங்கள். உங்கள் கணினியைத் திரும்ப இணைக்க அரை நிமிடம் போதும். தானாகப் போய்விடும் என்று மட்டும் விடாதீர்கள். போனில் 14 நாள் வாட்ஸ்அப்பைத் தொடாவிட்டால்தான் இணைந்த கருவிகள் தானாக வெளியேறும், அப்படி யார் தொடாமல் இருக்கிறோம்?

Two-step verification போட்டுவைத்திருந்தேனே என்று சிலர் கேட்பார்கள். Settings, Account வழியாகப் போடும் அந்த ஆறு இலக்கப் பின் நல்லதுதான், உங்கள் நம்பரை வேறு போனில் பதிவு செய்ய விடாமல் தடுக்கும். ஆனால் இப்படிக் குறியீடு தட்டி இணைப்பதை அது தடுக்காது.

படி 4: எல்லோருக்கும் சொல்லுங்கள்

Archived-ஐத் திறந்து பார்த்தோம். பதினேழு பேருக்கு ஓட்டு லிங்க் போயிருந்தது. மூன்று பேரிடம் "அவசரம், ஜிபே-ல 8,000 அனுப்புங்க, நாளைக்குத் தந்துடறேன்" என்று கேட்டு, வேறொரு நம்பரும் கொடுத்திருந்தது. கோபியில் இருக்கும் அவன் மாமனார் அனுப்பத் தயாராக இருந்தார். "ஏனுங் மாப்ளை, பேரு வேற யாருதோ காட்டுதுங்களே" என்று அவரே போன் பண்ணிக் கேட்டதால் பணம் தப்பியது. யூபிஐயில் பணம் போகுமுன் திரையில் வரும் பெயரைப் படிக்கிற ஆள் அவர்.

பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அடியுங்கள், பிறகு cybercrime.gov.in-இல் புகாரைப் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வேண்டும், அதனால் திங்கட்கிழமை பேங்க் திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் சரிசெய்ய முடியாது. இணைந்திருந்த நேரத்தில் அவர்கள் பார்த்ததும் சேமித்ததும் அவர்களிடமே இருக்கும். அரட்டையில் ஆதார் படம், பேங்க் பாஸ்புக் படம் அனுப்பியிருந்தீர்களா என்று தேடிப் பாருங்கள். இவன் விவசாயிகளிடம் பாஸ்புக் படம் வாங்கித்தான் பணம் போடுவான். அன்று சாயங்காலம் பூராவும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "என் பேர்ல யாராவது பேசுனா நம்பாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

படி 5: உங்களுக்கு அனுப்பியவரையும் கூப்பிடுங்கள்

இதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். லிங்க் அனுப்பிய அந்தச் சொந்தக்கார அக்காவுக்கு இரவு எட்டு மணிக்கு அடித்தோம். "எனக்கு ஒண்ணுமே ஆகலீங்களே, வாட்ஸ்அப் நல்லாத்தானுங் ஓடுது" என்றார். Linked devices-ஐத் திறக்கச் சொன்னோம். வீட்டில் கணினியே இல்லாத அவருடைய பட்டியலில் ஒரு விண்டோஸ் கணினி, அந்த நிமிடமும் இயங்கிக்கொண்டிருந்தது.