ஒரே டிஃபென்ஸை இரண்டு தடவை பெருக்காதீர்கள்

ஹட்டனில் நான் முடி வெட்டும் சலூனில் போன சனிக்கிழமை இரண்டு தம்பிமார் கொப்பியும் போனுமாக உட்கார்ந்து, பந்தயம் கட்டுவதற்காக, கால்பந்து ஆட்டத்தில் ஒரு முன்கள வீரர் இலக்குக்கு எத்தனை ஷாட் அடிப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். நான் ஒரு சீசன் முழுக்கச் செய்த அதே தவறு, அதே இடத்தில். யாரும் ஒருநாளில் திருத்திக்கொள்ளும் சின்னப் பிழைகளை விட்டுவிட்டு, சல்லியைத் தின்னும் இதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

எதிரணியை இரண்டு முறை எண்ணுவது

அவர்கள் எடுத்த கணக்கு இது. வீரர் 90 நிமிடத்துக்கு 3 ஷாட் அடிக்கிறவர். 75 நிமிடம் ஆடுவார் என்று வைத்தால் 2.5 ஷாட். அதில் 36 சதவீதம் இலக்குக்குப் போகும் என்றால் 0.9. இதுவரை சரி.

அப்புறம் எதிரணி. அந்த அணி ஒரு ஆட்டத்தில் 15 ஷாட் விட்டுக்கொடுக்கிறது, லீக் சராசரி 12.5. ஆகவே 1.2 மடங்கு. அடுத்த கட்டத்தில் இலக்குக்கு வந்த ஷாட் 5.4, லீக் சராசரி 4.5. அதுவும் 1.2 மடங்கு. பெரிய தம்பி 0.9-ஐ இந்த இரண்டாலும் பெருக்கி 1.3 என்று எழுதினார். "அண்ணே, டிஃபென்ஸ் ரெண்டு பக்கமும் ஓட்டைதானே?" என்று கேட்டார்.

ஓட்டை ஒன்றுதான். 15 ஷாட் வந்ததால்தான் 5.4 இலக்குக்கு வந்தது. அந்த 5.4-க்குள் ஷாட் எண்ணிக்கை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. துல்லியத்துக்குத் தனியாக ஒரு திருத்தம் வேண்டுமானால் விகிதத்தைப் பார்க்க வேண்டும்: 15-இல் 5.4 என்றால் 36 சதவீதம், லீக்கிலும் 12.5-இல் 4.5, அதே 36. துல்லியத்தில் இந்த டிஃபென்ஸ் எதையும் மாற்றவில்லை. சரியான விடை 0.9 × 1.2, அதாவது 1.08.

1.3-க்கும் 1.08-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். சராசரியை வைத்து எத்தனை வரும் என்ற வாய்ப்பைச் சொல்லும் பாய்சான் பரவலில் போட்டுப் பாருங்கள். இரண்டோ அதற்கு மேலோ வரும் வாய்ப்பு 1.3-க்கு 37 சதவீதம், 1.08-க்கு 29. அன்றைக்கு இரண்டோ அதற்கு மேலோ என்பதற்குக் கிடைத்த பந்தய விலை 3.00, வென்றால் போட்டதுபோல் மூன்று மடங்கு கைக்கு வரும். நட்டமில்லாமல் இருக்கவே 33 சதவீதம் வேண்டும். தவறான கணக்கு அதை லாபமாகக் காட்டுகிறது, உண்மையில் அது நட்டம். இதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல்: எதிரணி எவ்வளவு மோசமோ அவ்வளவுக்குப் பிழையும் பெருகும். நாம் துணிந்து கைவைக்கும் ஆட்டங்களும் அவையேதான்.

என் கொப்பியில் அப்படி 37 சதவீதம் பக்கத்தில் எழுதிய 200 கணிப்பு இருந்தது. 74 வந்திருக்க வேண்டும், வந்தது 58. முதல் நாற்பதில் குறைந்தபோது அதிர்ஷ்டம் சரியில்லை என்று விட்டுவிட்டேன். இருநூறு வரை அப்படியே ஓடவிட்டதுதான் பெரிய செலவு.

விகிதம் நிஜமாகவே மாறும் அணிகளும் உண்டு. பெட்டிக்குள் கூட்டமாக நின்று தூரத்திலிருந்து அடிக்கவிடும் அணி 15 ஷாட் கொடுத்தும் 4.5 மட்டுமே இலக்குக்கு விடலாம். அது 30 சதவீதம். எண்ணிக்கை 1.2 மடங்கு கூடுகிறது, துல்லியம் 0.83 மடங்காகக் குறைகிறது, பெருக்கினால் 1. நம் வீரர் தன் 0.9-லேயே நிற்பார். ஷாட் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியாது.

இன்னொன்று, அந்த 1.2 ஆறு ஆட்டத்தில் கிடைத்தது. ஆறு ஆட்டத்தில் இரண்டு பலமான அணிகள் வந்திருந்தாலே எண் ஊதிவிடும். நான் ஒன்றுக்கு மேலுள்ள 0.2-ஐப் பாதியாக்கி 1.1 என்றுதான் எடுப்பேன். அப்போது 0.99, இரண்டோ அதற்கு மேலோ வரும் வாய்ப்பு 26 சதவீதம். தம்பிமாரின் 37 எங்கே போயிற்று பாருங்கள்.

20 ஷாட்டை வைத்துத் துல்லியம் சொல்வது

20-இல் 10 இலக்குக்குப் போனால் 50 சதவீதம் என்று எழுதாதீர்கள். பொதுவாக மூன்றில் ஒன்றுதான் இலக்குக்குப் போகும். அந்த வீதத்தில் 60 ஷாட்டைக் கற்பனையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 80-இல் 30, அதாவது 37.5. அறுபது என்பது என் கைக்கணக்கு. வீரர் 200 ஷாட் அடித்த பிறகு அது தானாக வலுவிழந்துவிடும்.

போஸ்ட்டில் பட்ட பந்து

உள்ளே போகாவிட்டால் இலக்குக்குப் போன ஷாட்டாகக் கணக்கில் வராது.

பதினொருவர் பட்டியலுக்கு முன்

இங்கிலாந்தில் மாலை 3 மணி ஆட்டம் நமக்கு ஆகஸ்டில் இரவு 7.30, டிசம்பரில் 8.30. பட்டியல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே வந்துவிடும். அந்த 75 நிமிடத்தை அதற்குப் பிறகு எழுதுங்கள்.