கடிதத்தில் ‘எந்நேரமும்’ என்று எழுதாதீர்கள்: மருத்துவமனை அனுமதி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை ஐந்து முதல் ஏழு வரைதான் பார்வையாளர் நேரம் என்று வைத்திருக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் பக்கத்துப் பங்கு ஆலயத்திலிருந்து கடிதம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பொருள் என்ற இடத்தில், “எங்கள் பங்கின் தன்னார்வ ஆன்மப் பணியாளர்கள் எந்நேரமும் நோயாளிகளைச் சந்தித்துச் செபிக்க அனுமதி வேண்டுதல்” என்று இருக்கிறது. லெட்டர்பேட், பங்குத்தந்தையின் கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனாலும் மருத்துவக் கண்காணிப்பாளர் பொருளைத் தாண்டும் முன்பே மனசுக்குள் ‘முடியாது’ என்று சொல்லிவிடுவார். இங்கே கத்தோலிக்கப் பங்கை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். சி.எஸ்.ஐ. சேகரமோ, ஜமாஅத்தோ, கோயில் அறக்கட்டளையோ எழுதினாலும் சறுக்கும் இடங்கள் ஏறக்குறைய இவைதான்.

முதல் சறுக்கல் அந்த ‘எந்நேரமும்’. எழுதுகிறவருக்கு அது பணிவான, பொதுவான சொல். நிர்வாகிக்கு அப்படித் தோன்றாது. இரவு ஷிப்டில் ஒரு வார்டுக்கு ஓரிரு சிஸ்டர்கள்தான் இருப்பார்கள். பதினோரு மணிக்கு முகம் தெரியாத ஒருவர் கட்டிலுக்குக் கட்டில் நடந்தால் அவரைக் கவனிக்க ஆள் கிடையாது. நகை, செல்போன் காணாமல் போனால் விசாரணையில் முதலில் வரும் பெயரும் வெளியாளுடையதாகத்தான் இருக்கும். அதனால் ‘எந்நேரமும்’ என்று கேட்டால் ‘ஒருபோதும் இல்லை’ என்ற பதிலே வரும்.

உண்மையில் பார்வையாளர் நேரத்துக்கு வெளியே வந்தே ஆக வேண்டிய சூழல்கள் மிகக் குறைவு. நோயாளியின் நிலை மோசம் என்று மருத்துவர் குடும்பத்திடம் சொல்லிவிட்ட இரவு ஒன்று. விடிந்ததும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகப் போகிறவர் அதற்கு முன் செபம் கேட்பது மற்றொன்று. தையல் பிரிக்கக் காத்திருப்பவரை மாலை ஐந்து மணிக்கே பார்க்கலாம். இந்தப் பிரிப்பைக் கடிதமே செய்துவிட வேண்டும். மேலே சொன்ன கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்திருந்தால் அதன் கதை வேறு:

“பார்வையாளர் நேரத்தில் நாங்கள் வழக்கம்போல் வந்து செல்வோம். அதற்கு வெளியே, நோயாளியோ அவர் குடும்பத்தாரோ எங்களை அழைத்தால் மட்டும், இரண்டு சூழல்களில் ஒருவர் உள்ளே வர அனுமதி கேட்கிறோம். ஒன்று, நோயாளி ஆபத்தான நிலையில் இருக்கும்போது. இரண்டு, அதிகாலை அறுவை சிகிச்சைக்கு முன். வந்தவர் முதலில் பணியிலிருக்கும் சிஸ்டரிடம் சொல்லிவிட்டே கட்டிலருகே செல்வார். பதினைந்து நிமிடங்களில் வெளியே வந்துவிடுவார்.”

இதில் நிர்வாகி தேடும் எல்லாமே இருக்கின்றன. யார் அழைப்பது, எத்தனை பேர் வருவது, எவ்வளவு நேரம், யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்ற கேள்விகளை அவர் கேட்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது. ஒரு சின்ன விஷயம் கூடுதலாக. பல மருத்துவமனைகளில் இரவு எட்டு மணியை ஒட்டி ஷிப்ட் மாறும். அந்த அரை மணி நேரம் சிஸ்டர்கள் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அடுத்தவரிடம் ஒப்படைத்துக்கொண்டிருப்பார்கள். உயிர் போகும் அவசரம் தவிர அந்த நேரத்தில் வரமாட்டோம் என்று ஒரு வரி எழுதினால், வார்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதிய கடிதம் என்பது புரிந்துவிடும்.

அடுத்த தவறு, யார் என்ன செய்வார் என்பதைக் குழப்புவது. “எங்கள் தொண்டர்கள் செபித்து, நற்கருணை வழங்கி, நோயில்பூசுதல் செய்வார்கள்” என்று எழுதிவிடுகிறார்கள். நோயுற்றவருக்குப் புனித எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனம்தான் நோயில்பூசுதல். திருச்சபைச் சட்டம் 1003-ன்படி அதைக் குருவானவர் மட்டுமே நிறைவேற்ற முடியும். பொதுநிலைத் தொண்டர் செபிக்கலாம், உரிய அனுமதி பெற்றவர் நற்கருணை கொண்டுபோகலாம், அவ்வளவுதான். கடிதத்தில் தொண்டர்களின் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, இரவு இரண்டு மணிக்குப் பங்குத்தந்தையே வந்து நின்றால், “பட்டியலில் உங்கள் பெயர் இல்லையே ஃபாதர்” என்று செக்யூரிட்டி சொல்வதில் தப்பே இல்லை. குருக்களின் பெயர்களைத் தனியாகவும் தொண்டர்களின் பெயர்களைத் தனியாகவும் எழுதி, யாருக்கு எது என்று சொல்லிவிடுங்கள்.

கையில் என்ன கொண்டுவருவார்கள் என்பதும் அங்கேயே வர வேண்டும். பெரும்பாலான கடிதங்கள் இதைத் தொடுவதே இல்லை. ஆனால் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர் முதலில் கேட்பது இதைத்தான். ஆக்சிஜன் ஓடும் கட்டிலருகே மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கற்பூரம் எதையும் கொளுத்த முடியாது. ‘சின்ன மெழுகுவர்த்திதானே’ என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் நோயாளிக்கு நற்கருணையானாலும் சரி, தீர்த்தமானாலும் சரி, ஸம்ஸம் நீரானாலும் சரி, சிஸ்டரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு முதல் பட்டினி போட்டிருப்பவருக்கு ஒரு வாய் கொடுத்தால் அறுவை சிகிச்சையே தள்ளிப்போகலாம். விழுங்க முடியாதவருக்குப் புரையேறும் ஆபத்து இருக்கிறது. “மெழுகுவர்த்தி, ஊதுபத்தி கொண்டுவர மாட்டோம். வாய்வழி எதையும் சிஸ்டரின் சம்மதமின்றித் தர மாட்டோம். காய்ச்சல், இருமல் இருப்பவரை அன்று அனுப்ப மாட்டோம்” என்ற மூன்று வாக்கியங்கள் போதும்.

இறந்த பிறகு நடக்கும் செபத்தைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். சாலை விபத்து, தீக்காயம், விஷம் போன்றவை எம்.எல்.சி. எனப்படும், காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ்கள். உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கும். அதற்கு முன் உடலைக் கழுவுவதோ துடைப்பதோ உடை மாற்றுவதோ கூடாது. ‘இத்தகைய நேரங்களில் தள்ளி நின்று செபிப்பதோடு நிறுத்திக்கொள்வோம்’ என்று முன்கூட்டியே எழுதிவிட்டால், துக்கத்தில் இருக்கும் குடும்பத்தின் முன் வாக்குவாதம் வராது.

இனி, யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணத்துக்கு வருவோம். அது மதமாற்றம் பற்றிய அச்சம். நோயாளியின் உறவினர் ஒருவர், “ராத்திரியில் யாரோ வந்து என் அம்மாவின் தலையில் கைவைத்துச் செபித்தார்கள்” என்று புகார் கொடுத்தால் போதும், அனுமதி கொடுத்த அதிகாரிதான் பதில் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனை என்றால் இந்தக் கவலை இன்னும் அதிகம். கடிதம் எழுதுகிறவர்கள் இதைப் பேசினால் தங்களைத் தாங்களே சந்தேகப்படுவது போலாகிவிடும் என்று நினைத்து மௌனமாக விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் அந்த மௌனம்தான் சந்தேகத்தை வளர்க்கிறது. அழைத்தவரைத் தவிரப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருடன் செபிக்க மாட்டோம், துண்டுப்பிரசுரம் தர மாட்டோம், காணிக்கை வாங்க மாட்டோம் என்று வெளிப்படையாக எழுதுவதே நல்லது. ‘நோயாளிகளுக்கு நற்செய்தி அறிவிக்க’ போன்ற தொடர்கள் பங்கு அறிக்கையில் இருக்கட்டும், இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு வேண்டுகோள் கடிதத்தையே கவிழ்த்துவிடும். “எங்கள் சமயத்தைச் சேர்ந்த உள்நோயாளிகளின் பட்டியலைத் தினமும் தந்து உதவவும்” என்பது அது. நோயாளி யார், என்ன நோய், எந்த வார்டு என்பவை அவருடைய அந்தரங்கம். தேசிய மனித உரிமைகள் ஆணையம் வரைந்த நோயாளி உரிமைச் சாசனத்தில் உள்ள 17 உரிமைகளில் இந்த இரகசியக் காப்பும் ஒன்று. மருத்துவமனை பட்டியல் தரக்கூடாது, நீங்கள் கேட்கவும் கூடாது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உங்கள் தொலைபேசி எண்ணை வார்டு சிஸ்டர் மேசையிலும் வரவேற்பிலும் வைக்க அனுமதி கேளுங்கள். வேண்டியவர்கள் அழைப்பார்கள்.

சட்டம் பேசுவதும் பரவலான தவறு. அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவைக் காட்டி ‘எங்கள் உரிமை’ என்று ஆரம்பித்தால், கடிதம் நேராகச் சட்ட ஆலோசகரிடம் போகும். அங்கே மாதக்கணக்கில் கிடக்கும். தவிர, அதே பிரிவு சமய உரிமையைப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டதாகத்தான் தருகிறது. சுகாதாரத்தையே காரணமாகக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் அந்தப் பிரிவைத் தூக்கிப் போடுவதில் பயனில்லை. என்.ஏ.பி.எச். தரச்சான்று பெற்ற மருத்துவமனை என்றால், நோயாளியின் ஆன்மிக, பண்பாட்டுத் தேவைகளை மதிக்க வேண்டும் என்பது அந்தத் தரவிதிகளிலேயே உண்டு. அதை அதட்டலாகச் சொல்லாமல், “தங்கள் தரவிதிகளுக்கும் இது துணையாக இருக்கும் என நம்புகிறோம்” என்று ஒரு வரியில் நினைவூட்டினால் போதும். நிர்வாகிக்கு ஆய்வின்போது காட்ட ஒரு காகிதமும் கிடைக்கும்.

பெறுநர் யார் என்பதில் அதிகம் பேசத் தேவையில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீனுக்கு எழுதி, ஆர்.எம்.ஓ. எனப்படும் நிலைய மருத்துவ அலுவலருக்கு நகல் போடுங்கள். தினசரி நடப்பு ஆர்.எம்.ஓ. கையில்தான். தனியார் என்றால் மருத்துவக் கண்காணிப்பாளர். நிறுவனத் தலைவர் தெரிந்தவர் என்பதற்காக அவருக்கு எழுதினால், கீழே இருப்பவர்கள் அதை மேலிடத்து அழுத்தமாக எடுத்துக்கொள்வார்கள்.

அனுமதி வந்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. கடிதத்தின் மூலையில் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று கையெழுத்தாகிக் கோப்பில் உட்கார்ந்துவிடும். இரவு வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு அது தெரியாது. அவர்களும் அடிக்கடி மாறுகிறவர்கள். ஆகவே கடிதத்திலேயே, அனுமதி தந்தால் அதன் நகலைப் பாதுகாப்புப் பிரிவுக்கும் இரவு நர்சிங் சூப்பர்வைசருக்கும் அனுப்பும்படி கேட்டுவிடுங்கள். வருவோரின் புகைப்படம், அடையாள அட்டை நகல், செல்போன் எண் மூன்றையும் இணையுங்கள். ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். முப்பது பெயர் கொடுத்தால் மருத்துவமனை யாரையும் சரிபார்க்காது, பிறகு யாரையும் நம்பாது. பங்கின் சார்பில் பொறுப்பேற்கும் ஒருவரின் எண்ணும் இருக்கட்டும், புகார் வந்தால் அவர்களுக்கு ஒரே இடத்தில் கேட்க முடியும்.

நிரந்தர அனுமதி கேட்காமல் மூன்று மாதம் சோதனை முறையில் என்று கேட்பது நல்லது. ஒவ்வொரு இரவு வருகையையும் வாசல் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள். மூன்று மாதம் கழித்து எத்தனை அழைப்பு வந்தது, ஏதேனும் புகார் உண்டா என்று ஒரு பக்கத்தில் கொடுத்தால் நீட்டிப்பு தானாக வரும். முதலிலேயே மறுத்துவிட்டால், ஐ.சி.யூ.வை விட்டுவிட்டுப் பொது வார்டுக்கு மட்டும் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், ஆபத்தான நிலையில் குடும்பம் அழைக்கும்போது குருவானவர் ஒருவரை மட்டும் டியூட்டி டாக்டரின் சம்மதத்தோடு விட முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான மருத்துவமனைகள் இதையாவது மறுப்பதில்லை, எழுத்தில் வாங்கிவைத்தால் இரவில் வாசலில் காட்டலாம்.