தொழிற்சாலைக் கட்டடத்தை விற்று வாடகைக்கு எடுக்கலாமா? கணக்கிடும் முறை

நடைமுறை மூலதனத்துக்குத் தட்டுப்பாடு வரும்போது, சொந்தக் கட்டடத்தை முதலீட்டாளருக்கு விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருந்து உற்பத்தியைத் தொடரலாம். லாபமா நஷ்டமா என்பதை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்ப்போம்.

படி 1: நிகரத் தொகை. நிலமும் கட்டடமும் 5 கோடி ரூபாய்க்கு விலை போகின்றன. மூலதன ஆதாய வரி, தரகு எல்லாம் 60 லட்சம் என்றால் நிகரம் 440 லட்சம். அடமானக் கடன் பாக்கியை இதில் கழிக்காதீர்கள். அது கையில் வரும் பணத்தைக் குறைக்கும். ஆனால் அதே அளவுக்கு உங்கள் கடனும் தீர்கிறது.

படி 2: வாடகையின் இன்றைய மதிப்பு, அதாவது இனி கட்டப்போகும் வாடகை முழுவதும் வட்டியைக் கழித்தால் இன்று எவ்வளவு பணத்துக்குச் சமம் என்பது. பத்து ஆண்டு ஒப்பந்தம். ஆண்டுக்கு 50 லட்சம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15% உயர்வு. எக்செல் தாளில் B2 முதல் B11 வரை ஆண்டு வாடகைகளை லட்சத்தில் இடுங்கள்: மூன்று முறை 50, மூன்று முறை 57.5, மூன்று முறை 66.13, கடைசியில் 76.04. பிறகு:

```
=NPV(12%,B2:B11)
```

12% என்பது இந்தப் பணத்தைக் கடனாக வாங்கியிருந்தால் நீங்கள் கட்டும் வட்டி. விடை சுமார் 323 லட்சம். (ஆண்டு முடிவில் வாடகை கட்டுவதாக இந்தச் சூத்திரம் கொள்கிறது, மாதாமாதம் கட்டினால் தொகை சற்றுக் கூடும். வாடகையால் கிடைக்கும் வரிச் சலுகையையும், கைவிட்டுப்போகும் தேய்மானத்தையும் எளிமைக்காக விட்டிருக்கிறேன்.)

படி 3: இழக்கும் சொத்து. 440-இல் 323 போனால் 117 லட்சம் மிச்சம் என்று பலர் இங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கணக்கு இன்னும் முடியவில்லை. விற்காமல் இருந்திருந்தால் பத்தாம் ஆண்டு முடிவில் சொத்து உங்களிடமே இருந்திருக்கும். ஆண்டுக்கு 5% விலை ஏறினால் அப்போது அதன் மதிப்பு 814 லட்சம். இன்றைய மதிப்பில் 262 லட்சம். ஆக, 440 லட்சம் பெறுவதற்கு நீங்கள் கொடுக்கும் விலை 323-உம் 262-உம் சேர்ந்து 585 லட்சம். இந்த விற்பனை வேண்டாம்.

விலை ஏற்றத்தை ஊகிக்கத் தயக்கமாக இருந்தால் தலைகீழாகக் கேளுங்கள்: மிச்சமான 117 லட்சம் பத்து ஆண்டில் 12% வீதம் வளர்ந்தால் என்ன ஆகும்? சுமார் 363 லட்சம். இன்று 500 லட்சம் பெறும் சொத்து அதற்கும் கீழே இறங்கினால்தான் விற்றது சரியாகும்.

படி 4: வட்டி விகிதத்தை மாற்றிப் பாருங்கள். வங்கி கை விரித்துவிட்டது, வெளியில் 18% வட்டிக்குத்தான் பணம் கிடைக்கிறது என்று வையுங்கள். அப்போது வாடகை 253 லட்சம், சொத்து 156 லட்சம், மொத்தம் 409 லட்சம். இது 440-ஐவிடக் குறைவு என்பதால் விற்பது லாபம். 12 சதவீதத்துக்குக் கடன் கிடைக்கக்கூடியவர், விற்பனையை நியாயப்படுத்த 18 என்று போட்டால் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார்.

இன்னொரு செலவு பத்தாம் ஆண்டில் காத்திருக்கிறது. புதிய உரிமையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தால் கொதிகலன், கனரக இயந்திரங்கள், உயர் அழுத்த மின் இணைப்பு எல்லாவற்றையும் வேறிடத்தில் அமைக்க வேண்டும். புதுப்பிக்கும் உரிமை உங்களுக்கே என்ற நிபந்தனை பதிவு செய்த குத்தகைப் பத்திரத்தில் இல்லையென்றால், அந்தத் தொகையை B11-இல் சேர்த்துக் கணக்கிடுங்கள்.