டெபிட் கார்டு தொலைந்ததா? தேட ஓடும் முன் போன் போடுங்கள்

சனிக்கிழமை சாயங்காலம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவை எடுத்துவிட்டு ராயபுரம் திரும்பிய பக்கத்து வீட்டு அக்கா, 7.40 மணிக்குப் பையைக் கவிழ்த்தார். டெபிட் கார்டு இல்லை. கடையில்தான் விட்டிருப்போம் என்று திரும்ப ஓடினார். முதல் தவறு அதுதான். 8.05க்கு 3,200 ரூபாய் போனதாக எஸ்எம்எஸ் வந்தது. மெஷினில் தட்டினாலே பணம் போகும் கார்டு அது. 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது. 8.20க்கு வங்கியின் 24 மணி நேர எண்ணில் சொல்லி கார்டை பிளாக் செய்தார். அப்படியும் 8.52க்கு இன்னொரு 4,800 போனது.

இந்த 8.20தான் வழக்கின் உயிர். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தகவல் சொன்ன பிறகு நடக்கும் மோசடி இழப்பு வங்கியைச் சேர்ந்தது. 4,800ஐ அக்கா ஏற்க வேண்டியதில்லை. பின் நம்பரைக் கார்டு உறையிலேயே எழுதி வைத்திருந்தாலும் இது மாறாது. ஆனால் அப்படி எழுதியதால்தான் பணம் போனது என்றால் அது அவருடைய கவனக்குறைவு, 8.20க்கு முன் போனது அவர் தலையில்தான் விழும்.

அக்கா எழுதி வைக்கவில்லை. அவர் மேலும் வங்கி மேலும் தவறு இல்லாத இழப்பு என்றால், எஸ்எம்எஸ் வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்குப் பொறுப்பே கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாள் ஆகிவிட்டால், சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒரு பரிவர்த்தனைக்கு 10,000 ரூபாய் வரை நம் பொறுப்பு. உச்சவரம்பு இருக்கிறதே என்று நிம்மதி வேண்டாம். போனது 3,200 என்றால் அந்த வரம்புக்குள் முழுப் பணமும் அடங்கிவிடும்.

செயலியில் கார்டை ஆஃப் செய்துவிட்டு அதோடு விட்டுவிடுவதும் பலர் செய்யும் தவறு. உடனே ஆஃப் செய்வது நல்லதுதான், ஆனால் அது புகார் ஆகாது. தொலைந்தது என்று சொல்லி, புகார் எண்ணை வாங்குங்கள். திங்கட்கிழமை கிளையில் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், 8.20 என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

இந்தப் பணத்தை நான் எடுக்கவில்லை என்று வங்கியில் எழுதிக் கொடுக்கும் மறுப்புப் படிவத்தில் "கார்டு தொலைந்தது, பணம் போச்சு" என்று மொத்தமாக எழுதாதீர்கள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தொகை, எஸ்எம்எஸ்ஸில் உள்ள நேரம், பக்கத்திலேயே புகார் நேரம், புகார் எண். பாஸ்புக்கில் இருப்பது கணக்கில் பதிவான தேதி மட்டும். அது ஓரிரு நாள் தள்ளியும் வரும். அதனால் அந்த எஸ்எம்எஸ்களை அழித்துவிடாதீர்கள். கவனக்குறைவு உங்களுடையது என்று வங்கி சொன்னால், நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான்.

புகார் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைத்து, 90 நாளுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும். 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் அதே புகார் எண்ணோடு cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.